கிளிக் ஒலி ஏன் இத்தனை அரிது?

யாராவது ஒரு துயரச் செய்தியைச் சொன்னால் நம்மை அறியாமல் "ச்சு, ச்சு" என்று நாக்கைத் தட்டுகிறோமே, அந்த ஒலியை இப்போது ஒருமுறை மெதுவாக எழுப்பிப் பாருங்கள். எழுதும்போது "ச்சு" என்று எழுதிவிடுகிறோம். உண்மையில் அதில் சகரமும் இல்லை, உகரமும் இல்லை. நாக்கின் நுனி மேற்பற்களின் பின்புறம் ஒட்டிக்கொண்டு, எதையோ உறிஞ்சுவதுபோல் இழுபட்டு, சட்டென்று விடுபடுகிறது. அப்போது கேட்கும் சின்ன வெடிப்புக்குத்தான் கிளிக் ஒலி என்று பெயர். சொடுக்கொலி என்று எழுதுபவர்களும் உண்டு. நான் இங்கே கிளிக் என்றே எழுதுகிறேன்.

இந்தக் குடும்பத்தில் இன்னும் சில ஒலிகள் நமக்குத் தெரிந்தவைதான். குதிரையை விரட்டுபவர் கன்னத்தோரமாக எழுப்பும் "க்ளக்" ஒரு கிளிக். குழந்தைக்கு வேடிக்கை காட்ட நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்துக் கீழே அடித்து "டொக்" என்று ஒலிக்கச் செய்வது இன்னொன்று. தூரத்தில் இருப்பவருக்குக் காற்றில் முத்தம் கொடுத்தால் அது உதட்டில் பிறக்கும் கிளிக். ஆக, வாய்க்கு இவை புதியவை அல்ல. ஆனால் இவற்றில் எதையும் நாம் சொல்லுக்குள் வைப்பதில்லை. "மரம்" என்ற சொல்லின் முதல் மகரத்தை எடுத்துவிட்டு அங்கே ஒரு "டொக்"கை வைத்தால் வேறொரு பொருள் தரும் சொல் கிடைக்கும் என்ற ஏற்பாடு தமிழில் கிடையாது. தென்னாப்பிரிக்காவில் பேசப்படும் சுலுவிலும் கோசாவிலும் அந்த ஏற்பாடு இருக்கிறது. "கோசா" என்று நாம் ககரம் போட்டு எழுதுகிறோமே, அந்த மொழிக்காரர்கள் அதைச் சொல்லும்போது முதலில் வருவது ககரம் அல்ல, கன்னத்தோரக் கிளிக்.

உலக மொழிகளின் ஒலிகளைத் திரட்டி ஒப்பிட்டவர்களில் முக்கியமானவர் இயன் மேடிசன் என்ற மொழியியலாளர். 567 மொழிகளில் அரிய மெய்கள் எவை எங்கே இருக்கின்றன என்று அவர் பார்த்தபோது, கிளிக் இருந்த மொழிகள் ஏறத்தாழ பத்துதான். மறுபக்கம் மகரத்தைப் பாருங்கள். 2,000-க்கும் மேற்பட்ட மொழிகளின் ஒலிப்பட்டியல்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஃபோய்பிள் என்ற தரவுத்தளத்தில், 96 விழுக்காட்டுப் பட்டியல்களில் "ம்" இருக்கிறது. "க்" 90 விழுக்காட்டில் இருக்கிறது. கிளிக் மொழிகள் எண்ணிக்கையில் மட்டும் குறைவு என்றில்லை, ஒரே கண்டத்துக்குள் அடங்கியும் கிடக்கின்றன. பெரும்பாலானவை ஆப்பிரிக்காவின் தெற்கில். தான்சானியாவில் ஹட்சா, சண்டாவே என இரண்டு. கென்யாவில் தஹாலோ என்று ஒன்று. அன்றாடப் பேச்சில் சொல்லின் பகுதியாகக் கிளிக்கை வைத்திருக்கும் மொழி ஆப்பிரிக்காவுக்கு வெளியே இல்லை.

எல்லா வாய்க்கும் தெரிந்த ஓர் ஒலி ஏன் இப்படி ஒரு மூலையில் ஒதுங்கியது? மகரம் ஏன் எங்கும் பரந்து கிடக்கிறது?

வாய்க்குள் நடப்பது

பதிலுக்குப் போகும் முன் கிளிக் எப்படி உண்டாகிறது என்று சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நாம் பேசும்போது எழும் ஒலிகளில் மிகப் பெரும்பாலானவை நுரையீரலிலிருந்து வெளியேறும் காற்றில் பிறப்பவை. "ப" சொல்லும்போது உதடு அந்தக் காற்றை அடைத்து விடுகிறது. "ச" சொல்லும்போது நாக்கு அதை இடுக்கி விடுகிறது. காற்றின் ஊற்று ஒன்றே, அதை மறிக்கும் இடம்தான் மாறுகிறது.

கிளிக்குக்கு அந்த ஊற்றே தேவையில்லை. வாய்க்குள் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் அடைப்பு விழுகிறது. பின்புற அடைப்பு, "க்" சொல்லும்போது நாக்கின் அடிப்பகுதி அண்ணத்தைத் தொடும் அதே இடத்திலோ சற்றுப் பின்னாலோ விழும். முன்புற அடைப்பு பல்லிலோ, பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டிலோ, உதட்டிலோ இருக்கும். இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் காற்று சிறைப்படுகிறது. இப்போது அடைப்புகளைத் திறக்காமலே நாக்கின் நடுப்பகுதி கீழே இறங்குகிறது. அறை பெரிதாகிறது, உள்ளே இருக்கும் காற்றோ அதே அளவு. எனவே அதன் அழுத்தம் குறைகிறது. அந்த நொடியில் முன் அடைப்பைத் திறந்தால் வெளிக்காற்று உள்ளே பாய்கிறது. அந்தப் பாய்ச்சலின் ஓசைதான் நமக்குக் கேட்பது.

பின் அடைப்புக்குப் பின்னால் நுரையீரல் தன் பாட்டுக்கு வேலை செய்யலாம் என்பது இதில் அழகான விஷயம். இதை நீங்களே சோதிக்க முடியும். "சங்கு" என்பதில் வரும் "ங்" ஒலியை மட்டும் பிடித்து, மூக்கு வழியே "ங்ங்ங்" என்று முனகிக்கொண்டே இருங்கள். முனகலை நிறுத்தாமல் "ச்சு" தட்டுங்கள். முனகல் அறுபடாது. நீங்கள் இப்போது எழுப்பியது மூக்கொலியோடு சேர்ந்த கிளிக், ஆப்பிரிக்காவின் பல மொழிகளில் தனி மெய்யாக இருக்கும் ஒலி. பின் அடைப்பின் பக்கம் நடப்பதை இப்படி மாற்றி மாற்றி, மூக்கொலியோடு, குரலதிர்வோடு, மூச்சுக்காற்றோடு என்று ஒரே "டொக்"கிலிருந்து பல மெய்களைச் செய்கிறார்கள். கோசாவில் மூன்று இடங்களில் பிறக்கும் கிளிக்குகள் ஒவ்வொன்றும் ஆறு வகையாகி 18 மெய்களாகின்றன. போட்ஸ்வானாவில் பேசப்படும் தா மொழியில் மொத்தம் 122 மெய்கள் என்று ஒரு கணக்கு சொல்கிறது. உலக மொழிகளின் சராசரி 22-ஐச் சுற்றி இருக்கும்போது இந்த எண்ணிக்கைக்குப் பெரும் காரணம் கிளிக்குகளே.

"கடினம்" என்ற பதில்

அரிய ஒலி என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றும் விளக்கம், அது உச்சரிக்கக் கடினம் என்பது. கொஞ்சம் உண்மை இருக்கிறது. தனியாக ஒரு "டொக்" எழுப்புவது வேறு, அதற்கு அடுத்த கணமே "ஆ" என்று தொடங்கிச் சொல்லாக ஓட்டுவது வேறு. நான் முதலில் முயன்றபோது கிளிக்குக்கும் உயிருக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி விழுந்துகொண்டே இருந்தது. பின் அடைப்பைத் திறப்பது எப்போது என்று நாக்குக்குப் பிடிபட நாளாயிற்று.

ஆனால் இந்த விளக்கம் நெடுந்தூரம் செல்லாது. சுலுவையும் கோசாவையும் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர். அவர்களுடைய குழந்தைகள் பள்ளிக்கூடம் போகுமுன்பே கிளிக் போட்டுப் பேசுகிறார்கள். தா மொழி அகராதியில் பத்தில் ஏழு சொற்களுக்கு மேல் கிளிக்கில்தான் தொடங்குகின்றன. உண்மையிலேயே சுமையான ஒலி என்றால் பேசுபவர்கள் அதைச் சில சொற்களோடு நிறுத்தியிருப்பார்கள், அல்லது மெல்ல மெல்லக் கழற்றிவிட்டிருப்பார்கள்.

கேட்பதில் குறையா என்றால் அதுவும் இல்லை. கிளிக் கணீரென்று கேட்கும். சில மொழிகளில் தொடர்ந்து வரும் உயிரைவிடக்கூட அது உரக்க ஒலிக்கும். கேட்பவர் இன்னோர் ஒலியோடு அதைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பு மிகக் குறைவு. எளிதாக எழுப்பலாம், தெளிவாகக் கேட்கும், இருந்தும் அரிது. ஆகவே கேள்வியைக் கேட்கும் விதத்தையே மாற்ற வேண்டியிருக்கிறது.

பிறப்பும் இறப்பும்

ஓர் ஊரில் ஒரு வகை மரம் எத்தனை நிற்கிறது என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: எத்தனை கன்று முளைக்கிறது, எத்தனை மரம் பட்டுப்போகிறது. மொழிகளின் ஒலிகளும் அப்படித்தான். ஓர் ஒலி இன்று எத்தனை மொழிகளில் இருக்கிறது என்ற எண்ணுக்குப் பின்னால் இரண்டு வேகங்கள் இருக்கின்றன. அந்த ஒலி இல்லாத மொழியில் அது புதிதாகத் தோன்றுவது எவ்வளவு எளிது? தோன்றிய பிறகு அது மறைந்துபோவது எவ்வளவு எளிது? எளிமை, கடினம், தெளிவு எல்லாமே இந்த இரண்டு வேகங்களின் வழியாகத்தான் வேலை செய்கின்றன.

மகரம் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். "ஒன்பது" என்று எழுதுகிறோம், பேச்சில் "ஒம்பது" என்கிறோம். அடுத்து வரும் பகரத்துக்காக உதடு முன்கூட்டியே மூடிக்கொள்ள, னகரம் மகரமாகிவிட்டது. "வானம் பார்த்த பூமி"யை "மானம் பார்த்த பூமி" என்று சொல்கிறவர்கள் வகரத்திலிருந்து மகரத்தைப் பெறுகிறார்கள். உதட்டை மூடி, மூக்கைத் திறந்து, குரலை விட்டால் போதும். மிகச் சாதாரணமான வேறு ஒலிகள் ஒன்றோடொன்று உரசும் இடங்களிலெல்லாம் மகரம் முளைத்துக்கொண்டே இருக்கிறது.

சாவதும் அரிது. "மரம்" என்ற சொல்லைச் சாதாரணமாகப் பேசிப் பாருங்கள். கடைசி மகரத்துக்கு உதடு மூடுவதே இல்லை, உயிர் மூக்கில் ஒலித்து முடிந்துவிடுகிறது. சொல்லின் கடைசியில் மகரம் செத்துவிட்டது. ஆனால் அதே சொல்லின் தொடக்கத்தில் அது கல்லுப்போல நிற்கிறது. ஓர் இடத்தில் போனாலும் இன்னோர் இடத்தில் இருக்கும் என்பதால் மொழியின் பட்டியலிலிருந்து அதன் பெயர் நீங்குவதில்லை. பிறப்பு அதிகம், இறப்பு குறைவு. 96 விழுக்காடு என்ற எண் இப்படித்தான் வருகிறது. எங்கும் என்று சொன்னாலும் விதிவிலக்குகள் உண்டு. வட அமெரிக்காவின் மோஹாக் மொழியின் சொந்தச் சொற்களில் ப், ம் போல உதடு மூடும் மெய்களே கிடையாது.

இதற்கு நேர்மாறான ஒலி ஒன்றையும் பார்த்துவிடலாம். நாக்கின் நுனியைப் பல்லிடுக்கில் வைத்து ஊதினாற்போல் ஒலிக்கும், ஆங்கிலத்தில் "திங்க்" என்பதன் முதல் ஒலி. இதன் குரலதிர்வுள்ள இணை தமிழிலேயே இருக்கிறது: "அது" என்று வேகமாகச் சொல்லும்போது நடுவில் வரும் தகரம் முழு அடைப்பாக இல்லாமல் நெகிழ்ந்து ஒலிக்கிறதே, அதுதான். தகரம் இரண்டு உயிர்களுக்கு நடுவே சோர்ந்தால் போதும், இந்த ஒலி கிடைத்துவிடும். கிரேக்கத்தில் ஒரு வழியாக, ஸ்பெயின் நாட்டு ஸ்பானியத்தில் வேறொரு வழியாக என்று இது பல முறை தனித்தனியே பிறந்திருக்கிறது. இருந்தும் மேடிசன் பார்த்த 567 மொழிகளில் 43-ல்தான் இருந்தது. காரணம், பிறந்த வேகத்திலேயே இறந்தும் போகிறது. அதன் இரைச்சல் மெல்லியது, எளிதில் ஃபகரத்தோடு குழம்பும். ஆங்கிலத்தின் உறவு மொழிகளான ஜெர்மன், டச்சு, சுவீடிஷ் எல்லாவற்றிலும் ஒருகாலத்தில் இந்த ஒலி இருந்தது. இன்று அந்தக் குடும்பத்தில் ஆங்கிலமும் ஐஸ்லாந்தியமும்தான் குறிப்பிடும்படியாக அதைக் காத்துவைத்திருக்கின்றன.

இரண்டு ஒலிகள் ஒரே அளவுக்கு அரிதாக இருந்தாலும் அரிதான காரணம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை இங்கே பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று முளைத்து முளைத்துப் பட்டுப்போகலாம். இன்னொன்று முளைப்பதே அபூர்வமாக இருக்கலாம். கிளிக் இரண்டாவது வகை என்றே நான் நினைக்கிறேன்.

"உட்கார்" என்ற சொல்லுக்குள்

கிளிக் எங்கிருந்து முளைக்க முடியும்? நாம் பார்த்த செய்முறைப்படி முன்னால் ஓர் அடைப்பு வேண்டும், பின்னால் ஓர் அடைப்பு வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். பேச்சில் அப்படி ஒரு நிலை எப்போது வரும்? முன்னால் பிறக்கும் மெய்யும் பின்னால் பிறக்கும் ககரமும் அடுத்தடுத்து வரும்போது.

"உட்கார்" என்று சொல்லிப் பாருங்கள். மெதுவாக அல்ல, பேசுகிற வேகத்தில். ட் என்பதற்காக நாக்கு நுனி வளைந்து மேலே ஒட்டுகிறது. அது விடுபடுவதற்குள்ளாகவே ககரத்துக்காக நாக்கின் பின்பகுதி எழுந்து அண்ணத்தை அடைத்துவிடுகிறது. சில நூறில் ஒரு பங்கு நொடிக்கு வாயில் இரண்டு அடைப்புகளும் இருக்கின்றன. பிறகு நாக்கு நுனி விடுபடுகிறது, அதன்பின் ககரம் திறக்கிறது. நுனி விடுபடும் அந்தக் கணத்தில் நுரையீரல் காற்று முன்னால் வர வழியில்லை, பின்னால் ககரம் கதவைச் சாத்தியிருக்கிறது. நடுவில் நாக்கு சற்றே இறங்கியிருந்தால் என்ன கேட்க வேண்டும்? கிளிக்தான். "வெட்கம்" என்ற சொல்லிலும் இதே அமைப்பு. இப்போது அந்த இடத்தில் வேண்டுமென்றே நின்று, நாக்கின் நடுப்பகுதியைக் கீழே இழுத்து, பிறகு நுனியை விடுங்கள். "டொக்" என்று கேட்கும். "உட்கார்" என்ற பழகிய சொல்லிலிருந்து ஒரே ஒரு அடி எடுத்துவைத்தால் கிளிக்.

இது கற்பனைக் கணக்கு இல்லை. ஜெர்மன் மொழியில் தகரமும் ககரமும் அடுத்தடுத்து வரும் இடங்களைப் பதிவுசெய்து ஆராய்ந்தவர்கள், பேசுபவர் அறியாமலே அங்கே மெலிந்த கிளிக்குகள் விழுவதைக் கண்டிருக்கிறார்கள். கிளிக்கின் விதை பல மொழிகளில் கிடக்கிறது என்று அர்த்தம். அது ஏன் முளைப்பதில்லை?

முதல் காரணம், அந்த விதை மிகச் சிறியது. அவசரப் பேச்சில் நாக்கு நடுவில் இறங்கும் அளவு அற்பம். அழுத்தக் குறைவும் அற்பம். எழும் ஓசை பக்கத்து ஒலிகளில் அமிழ்ந்துபோகிறது. மகரத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். ஒன்பதில் உதடு கொஞ்சம் முந்தினாலே முழு மகரம் கிடைத்துவிடுகிறது, பாதி மகரம் என்று ஒன்று இல்லை. கிளிக்கோ நாக்கு நடுப்பகுதி வேலை மெனக்கெட்டு இறங்கினால்தான் முழுமையாகும். அந்த இறக்கத்துக்குப் பக்கத்து ஒலிகள் எதுவும் காரணம் தருவதில்லை.

இரண்டாம் காரணம், கேட்பவர். ஒலி மாற்றம் பெரும்பாலும் வாயில் தொடங்கிக் காதில் முடிகிறது. நீங்கள் "உட்கார்" என்னும்போது ஒரு சிறு வெடிப்புக் கேட்டாலும், எதிரே இருப்பவர் அதை ட்-உம் க்-உம் சேர்ந்ததால் வந்த சத்தம் என்று தானாகவே கழித்துவிடுகிறார். எழுத்துகளை அவர் சரியாகவே அடையாளம் கண்டுகொள்கிறார். கிளிக் ஒரு தனி மெய்யாக வேண்டுமானால், ஒரு தலைமுறைக் குழந்தைகள் அந்தக் கழிப்பைச் செய்யாமல், "இந்தச் சொல்லில் இருப்பது இந்த வெடிப்புத்தான்" என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவும் ஒரே ஒரு சொல்லில் அல்ல, பல சொற்களில். பெரிய வெடிப்பு வேண்டும், தவறாகக் கேட்கும் காது வேண்டும், போதுமான சொற்கள் வேண்டும். மூன்றும் ஒன்றாகக் கூடிவருவது மிக அபூர்வம்.

பக்கத்து வீட்டிலிருந்து வருவது

அப்படியானால் சுலுவுக்கும் கோசாவுக்கும் கிளிக் எங்கிருந்து வந்தது? இது ஓரளவு நன்றாகத் தெரிந்த கதை. இரண்டும் பாண்டு மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பத்தின் நூற்றுக்கணக்கான மொழிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் கிளிக் இல்லை. மூல பாண்டு மொழிக்கும் கிளிக் இருந்ததில்லை. பாண்டு பேசும் உழவர்களும் கால்நடை வளர்ப்பவர்களும் கடந்த 2,000 ஆண்டுகளுக்குள் கண்டத்தின் தென்கோடியை நோக்கி நகர்ந்தபோது, அங்கே ஏற்கெனவே கிளிக் மொழிகளைப் பேசிக்கொண்டிருந்த மக்களோடு கலந்தார்கள். திருமண உறவுகள் ஏற்பட்டன. இரண்டு மொழியும் தெரிந்த குழந்தைகள் வளர்ந்தார்கள். சொற்களோடு ஒலிகளும் வந்தன.

கடன் சொற்கள் மட்டும் இதற்குப் போதாது. பாண்டுவிலிருந்தே வந்த சொற்கள் சிலவற்றிலும் பழைய மெய் இருந்த இடத்தில் கிளிக் ஏறியிருக்கிறது. ஆய்வாளர்கள் இதற்குக் காட்டும் காரணம் ஹ்லோனிபா என்ற வழக்கம். மணமாகி வந்த பெண் மாமனார் பெயரையும், அந்தப் பெயரின் அசைகள் வரும் பிற சொற்களையும் உச்சரிக்கக் கூடாது. மாமனார் பெயரில் ஓர் அசை இருந்தால், அதே அசை உள்ள அன்றாடச் சொற்களையும் அவள் மாற்றிச் சொல்லியாக வேண்டும். மாற்றுவதற்கு எளிய வழி ஒரு மெய்யை எடுத்துவிட்டு, குழப்பமே வராத இன்னொரு மெய்யைப் போடுவது. பக்கத்து மொழியிலிருந்து வந்த கிளிக் அதற்கு மிகப் பொருத்தம், எந்தப் பாண்டுச் சொல்லோடும் அது மோதாது. அவளுடைய குழந்தைகள் அம்மா சொன்னதுபோலவே சொன்னார்கள். இப்படித் தலைமுறை தலைமுறையாக நடந்ததன் விளைவு என்பதே பரவலாக ஏற்கப்படும் விளக்கம்.

பேச்சில் தானாகப் பிறக்க அத்தனை தடைகள் இருந்த ஒலி, பக்கத்து மொழியில் முழு வடிவில் தயாராக இருக்கும்போது எளிதாக ஒட்டிக்கொண்டது என்பதைக் கவனியுங்கள். விதை முளைப்பதுதான் அரிது, நாற்றை நட்டால் வேர்பிடிக்கிறது. கிளிக் மொழிகள் ஒரே பகுதியில் கூட்டமாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

மனிதர்கள் விரும்பினால் கிளிக்கை உருவாக்கிக்கொள்ளவும் முடியும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் மோர்னிங்டன் தீவு சாட்சி. அங்கே லார்டில் மக்களுக்கு டாமின் என்ற சடங்கு மொழி இருந்தது. சடங்குப் படிநிலைகளைக் கடந்த ஆண்கள் பேசியது. அன்றாட லார்டிலில் கிளிக் கிடையாது, டாமினில் உண்டு. 1960-களில் கென் ஹேல் என்ற மொழியியலாளர் அதைப் பதிவுசெய்தார். அது யாருக்கும் தாய்மொழியாக இருந்ததில்லை என்பதால்தான் கிளிக் மொழிகளைக் கணக்கெடுக்கும்போது தனியே வைக்கிறோம்.

அண்ணத்தின் வடிவம்

உடலமைப்புக்கு இதில் பங்கு உண்டா என்ற கேள்வி நெடுநாளாக இருக்கிறது. மேற்பற்களுக்குப் பின்னால் நாக்கால் தடவினால் ஒரு மேடு தட்டுப்படும். அது எல்லோருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஆப்பிரிக்காவின் தெற்கே உள்ள பழைய கிளிக் மொழிகளைப் பேசுவோர் பலருக்கு இந்த மேடு சிறிதாக, அண்ணம் வழுவழுப்பாகச் சரிந்து செல்வதாக அளவீடுகள் காட்டின. 2017-ல் ஸ்காட் மோய்சிக், டான் டெடியு என்ற இருவர் வாயின் கணினி மாதிரி ஒன்றில் கிளிக்கைச் செய்துபார்த்தார்கள். மேடு பெரிதாக இருக்கும்போது தசைகள் கூடுதலாக உழைக்க வேண்டியிருந்தது, கிளிக்குக்குத் தேவையான வெளி விரிவும் குறைந்தது.

இதை எவ்வளவு தூரம் நம்பலாம்? மேடு பெரிதாக இருப்பவருக்குக் கிளிக் வராது என்று இது சொல்லவில்லை. சுலுக் குழந்தைகளே அதற்குச் சான்று. எந்த நாட்டுக் குழந்தையை அங்கே வளர்த்தாலும் கிளிக் போட்டுப் பேசும். ஆனால் "உட்கார்" சொல்லில் நாம் பார்த்த அந்த அற்பமான வெடிப்பு, ஒரு மக்கள்கூட்டத்தில் ஒரு இழை பெரிதாகவும் இன்னொன்றில் ஒரு இழை சிறிதாகவும் இருந்தால், ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அந்த வேறுபாடு பெருகலாம். தனி மனிதரில் கண்ணுக்கே தெரியாத சாய்வு, பிறப்பு வேகத்தைக் கொஞ்சம் கூட்டலாம் அல்லது குறைக்கலாம். அவ்வளவுதான் இந்த ஆய்வின் எல்லை.

போகும்போது என்ன மிஞ்சுகிறது

கிளிக் சாவதே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் பல மொழிக்காரர்கள் கூடி வேலை செய்த இடத்தில் பரவலாக வழங்கிய ஃபனகலோ என்ற கலப்பு மொழியின் சொற்களில் பெரும்பகுதி சுலுவிலிருந்து வந்தவை. அங்கே கிளிக் இருந்த இடத்தில் பொதுவாகக் ககரம் கேட்கும். போட்ஸ்வானாவின் கிழக்குப் பகுதியில் பேசப்படும், கோய் என்ற மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த சில மொழிகளிலும் "டொக்" வகைக் கிளிக் பல சொற்களில் மறைந்துவிட்டது. உறவு மொழியில் கிளிக்கோடு இருக்கும் சொல், இங்கே ககரத்தோடு நிற்கிறது.

ஏன் ககரம்? கிளிக்கின் பின் அடைப்பை நினைவில் கொண்டுவாருங்கள். அது தொடக்கத்திலிருந்தே ககரத்தின் இடத்தில்தான் இருந்தது. நாக்கின் நடுப்பகுதி இறங்குவதை நிறுத்தினால் முன் வெடிப்பு ஓய்கிறது, பின் அடைப்பு மட்டும் மிஞ்சுகிறது. உலகின் மிக அரிய ஒலிகளில் ஒன்று, 90 விழுக்காட்டுப் பட்டியல்களில் இருக்கும் மிகப் பொதுவான ஒலியாக ஆகிவிடுகிறது.

இதனால் ஆய்வாளர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. கிளிக்கிலிருந்து வந்த ககரத்துக்கும் என்றைக்குமே ககரமாக இருந்த ககரத்துக்கும் ஒலியில் எந்த வேறுபாடும் இல்லை. கிழக்கு போட்ஸ்வானாவில் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது, கிளிக்கை இழக்காத உறவு மொழிகள் பக்கத்திலேயே உயிரோடு இருந்ததால்தான். ஒப்பிடுவதற்கு உறவினர் யாரும் மிஞ்சாத ஒரு மொழியில் வெகுகாலத்துக்கு முன் கிளிக் இருந்து ஓய்ந்திருந்தால், அதன் சொற்களில் வெறும் ககரம்தான் இருக்கும். கிளிக் ஆப்பிரிக்காவில் மட்டும் உண்டு என்ற கணக்கு இன்று நம் காதுக்கு எட்டும் மொழிகளை வைத்துப் போட்டது. மனிதர்களின் முதல் மொழியிலேயே கிளிக் இருந்தது என்று அவ்வப்போது சொல்லப்படுவதை என்னால் ஏற்க முடியாததும் இதனால்தான்: இருந்தது என்று காட்டவும் இல்லை என்று காட்டவும் தேவையான தடயம் அந்தக் ககரத்துக்குள் கரைந்துபோயிருக்கும்.